தீவனம் 100% பருத்தி!

போன வாரம் ஒரு காலை. அடுப்பில் பால் வைத்துவிட்டு போனைப் பார்த்தால், கோயம்புத்தூர் வாசகி ஒருவரிடமிருந்து மூன்று படங்கள், அதன்கூடவே ஒரு குரல் பதிவு.

"ஏங்கம்மா, பேத்தி ஜெர்மனில இருந்து வந்திருக்குறாங்க. ஊட்டிக்குப் போறதுக்குன்னு மக ஒரு கம்பளி ஜாக்கெட் எடுத்துட்டு வந்தா. நேத்து அதுமேல சாக்லேட் பாலைக் கொட்டிருச்சு. மகளும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்காங்க. லேபிளைப் போன்ல போட்டோ எடுத்துத் தமிழ்ல மாத்துனா என்னென்னமோ வருதுங்க. மிஷின்ல போட்டுடலாங்களா?"

முதல் இரண்டு படங்கள் ஜாக்கெட்டும் லேபிளும். மூன்றாவது, போன் செய்த மொழிபெயர்ப்பு. அதில் இப்படி இருந்தது: "மேல் பொருள்: 100% புதிய கம்பளி. தீவனம்: 100% பருத்தி. இடதுபுறத்தில் கழுவவும். படுத்துக்கொண்டு உலர்த்தவும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் முதலில் "மிஷின்ல போட்டுடாதீங்கம்மா, இதோ பேசறேன்" என்று பதில் அனுப்பினேன். கல்யாணமான புதிதில் என் கொழுந்தனாரின் ஸ்வெட்டரை மிஷினில் போட்டு, ஐந்து வயதுப் பையனுக்குச் சரியாகிற அளவில் வெளியே எடுத்தவள் நான். கம்பளி சுருங்கினால் திரும்பாது.

போனைக் குற்றம் சொல்ல முடியாது. அது சொல்லைச் சொல்லாக மாற்றுகிறது, துணியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அதற்குத் தெரிவதில்லை. ஜெர்மன் மொழியில் Futter என்றால் மாட்டுக்குப் போடுகிற தீவனமும்தான், சட்டைக்கு உள்ளே தைக்கிற லைனிங் துணியும்தான். லேபிளில் அந்தச் சொல் வந்தால் அது லைனிங். ஆக, ஜாக்கெட்டின் வெளிப்பக்கம் முழுக்கக் கம்பளி, உள்லைனிங் முழுக்கக் காட்டன்.

"இடதுபுறத்தில் கழுவவும்" என்று வந்தது auf links waschen என்ற வரி. ஜெர்மன்காரர்கள் துணியின் உள்பக்கத்தை 'இடது' என்றும் வெளிப்பக்கத்தை 'வலது' என்றும் சொல்வார்கள். நாம் 'நல்ல பக்கம், மறுபக்கம்' என்பதுபோல. துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுத் துவை என்பதுதான் பொருள். "படுத்துக்கொண்டு" என்று வந்தது liegend trocknen. படுக்க வேண்டியது நாம் இல்லை, ஜாக்கெட்தான்! தொங்கப்போடாமல் தட்டையாக விரித்துக் காயவை என்கிறது.

'புதிய கம்பளி' என்பது Schurwolle. பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூற்றதாக இல்லாமல், ஆட்டிலிருந்து கத்தரித்து முதல்முறையாக நூற்ற கம்பளி. ஐரோப்பாவில் எந்த நாட்டில் துணி விற்கிறதோ அந்த நாட்டு மொழியில் நூலின் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் சில சட்டைகளில் லேபிளே ஒரு சிறு புத்தகம் போல ஏழெட்டு மடிப்பு இருக்கிறது. இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. DE என்று தொடங்குகிற வரி ஜெர்மன், FR பிரெஞ்சு, IT இத்தாலி. பக்கத்தைத் திருப்பினால் பல நேரங்களில் EN அல்லது GB என்று இங்கிலீஷ் வரியே இருக்கும். போனைக் கேட்பதற்கு முன் அதைத் தேடுங்கள். இந்த அம்மாவின் லேபிளில் ஜெர்மன் மட்டும்தான் இருந்தது.

அடுத்து, அவர் அனுப்பிய போட்டோ. லேபிள் பளபளப்பான சாட்டின் ரிப்பன் மாதிரி. ஃபிளாஷ் போட்டு எடுத்ததால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு, ஒரு ஓரம் மடங்கி வேறு இருந்தது. "ஜன்னல் பக்கம் போய், ஃபிளாஷை அணைச்சுட்டு, லேபிளை ஒரு அட்டை மேல இழுத்துப் பிடிச்சு நேரா எடுங்கம்மா. பின்பக்கமும் வேணும்" என்றேன். இது வீண் நுணுக்கம் இல்லை. ஜெர்மனில் nicht என்றால் 'கூடாது'. அந்த ஒரு சொல் மடிப்புக்குள் போய்விட்டால் "பிழியக் கூடாது" என்பது "பிழியவும்" ஆகிவிடும். சதவீதத்துக்கும் ஒரு சோதனை உண்டு. வெளித்துணி, லைனிங் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக நூல்களைக் கூட்டினால் 100 வர வேண்டும். வரவில்லை என்றால் 8-ஐ 3 என்று போன் படித்திருக்கிறது, இன்னொரு படம் எடுங்கள். மொழியைத் 'தானாகக் கண்டுபிடி' என்று விடாமல், ஜெர்மன் என்று நாமே தேர்ந்தெடுத்துவிட்டால் குளறுபடி பாதியாகக் குறையும்.

இரண்டாவது போட்டோ தெளிவாக வந்தது. அதில்தான் எனக்கு வேண்டிய விஷயம் இருந்தது. எழுத்துக்குக் கீழே ஐந்து சின்னப் படங்கள். போன் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இந்தப் படங்களைத் தொடுவதே இல்லை. ஆனால் இவற்றுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஐஎஸ்ஓ 3758 என்ற சர்வதேசத் தரத்தின்படி, துவைப்பது, பிளீச், காயவைப்பது, இஸ்திரி, டிரை கிளீனிங் என்று ஒரே வரிசையில் வரும். திருப்பூர் பனியனில் இருந்தாலும் ஜெர்மன் ஜாக்கெட்டில் இருந்தாலும் ஒரே அர்த்தம்தான்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள் என்றேன். "தண்ணித் தொட்டி, உள்ள 30" என்றார். "அதுக்குக் கீழ கோடு இருக்கா?" கொஞ்ச நேரம் அமைதி. "ஆமாங்க... ரெண்டு கோடு. இது அச்சுல விழுந்த கீறல்னு நினைச்சேன்."

அந்தக் கோடுகள்தான் எல்லாம். தொட்டிக்குள் இருக்கும் எண், தண்ணீர் அதற்கு மேல் சூடாகக் கூடாது என்கிற உச்சவரம்பு. கீழே கோடு இல்லை என்றால் மிஷினின் வழக்கமான ஓட்டம். ஒரு கோடு என்றால் மென்மையாக. இரண்டு கோடு என்றால் மிக மிக மென்மையாக, அதாவது கம்பளிக்கென்று தனியாக இருக்கும் ஓட்டத்தில் மட்டும். இந்த அம்மா வீட்டில் இருப்பது மேலே மூடி திறக்கும் சாதாரண மிஷின், அதில் அந்த ஓட்டம் இல்லை. அப்படியானால் கையால்தான். தொட்டிக்குள் ஒரு கை வரைந்திருந்தாலும் கையால் துவைப்பதே. தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் மட்டும் வீட்டில் தண்ணீரே காட்டக் கூடாது.

முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி: பிளீச் கூடாது. சதுரத்துக்குள் வட்டம், மேலே பெருக்கல்: டிரையர் மிஷினில் போடக் கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி: குறைந்த சூடு, சுமார் 110 டிகிரி வரை. கடைசியாக ஒரு வட்டத்துக்குள் P, அதற்குக் கீழே ஒரு கோடு.

"அந்த P-யைப் பார்த்துட்டு பாலியஸ்டர்னு நினைச்சேங்க" என்றார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இன்னும் சிலர் டிரை கிளீனிங் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எழுத்து கடைக்காரருக்கான குறிப்பு. எந்தக் கரைப்பானில் சுத்தம் செய்யலாம் என்று அவருக்குச் சொல்கிறது, கீழே இருக்கும் கோடு மென்மையாகச் செய் என்கிறது. தொட்டி திறந்திருந்தால் வீட்டிலும் துவைக்கலாம், கடைக்கும் கொடுக்கலாம்.

"சரிங்க, இப்ப எப்படித் துவைக்கறது?"

முதலில் இஞ்ச் டேப் எடுத்துத் தோளிலிருந்து கை நுனி வரை அளந்து எழுதி வைக்கச் சொன்னேன். 28 சென்டிமீட்டர். துவைத்த பிறகு சுருங்கியதா என்று ஊகிக்க வேண்டாம் இல்லையா?

கறை பாலும் சாக்லேட்டும் என்பதால் சுடுதண்ணீர் அறவே கூடாது. பால் புரதம் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்குகள் இருக்கின்றன. சூடு, சோப்பு, தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி கட்டியாகிவிடும். என் கொழுந்தனார் ஸ்வெட்டருக்கு நடந்தது அதுதான்.

சோப்புத்தூளும் வேண்டாம். அதில் காரம் அதிகம். போதாக்குறைக்குப் பல தூள்களில் புரதக் கறையைத் தின்கிற என்சைம் சேர்த்திருப்பார்கள். கம்பளியும் பட்டும்கூடப் புரதம்தான், அந்த என்சைமுக்கு வித்தியாசம் தெரியாது. கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு, அது இல்லையென்றால் பேத்தியின் குழந்தை ஷாம்பு ஒரு ஸ்பூன் போதும். தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெயில் காலத்தில் மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் எளிதாக 30 டிகிரியைத் தாண்டிவிடும். காலைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கை விட்டால் வெதுவெதுப்பே தெரியாத நிலையில் பயன்படுத்த வேண்டும்.

பட்டனைப் போட்டு, லைனிங் வெளியே வரும்படி திருப்பி, அகலமான தொட்டியில் மூழ்கவைத்து மூன்று நான்கு நிமிடம் மெதுவாக அழுத்தி அழுத்தி விடுவது. அலசுகிற தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் ஈரத்தின் கனத்தில் இழுபட்டுவிடும், இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோல ஏந்த வேண்டும். முறுக்கிப் பிழியாமல், பெரிய டவலில் பாய் மாதிரிச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் டவலுக்குப் போய்விடும். பிறகு இன்னொரு டவலை கயிற்றுக் கட்டிலில் விரித்து, அதன்மேல் ஜாக்கெட்டை வடிவம் பார்த்து நீவிப் படுக்கவைத்து, நிழலில், ஃபேன் காற்றில். லைனிங் காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. கட்டிலில் ஜாக்கெட், பக்கத்தில் இஞ்ச் டேப். 28 சென்டிமீட்டர். தொப்பிக்குக் கீழே ஒரு மங்கலான பழுப்பு மட்டும் மிச்சம். "மகளுக்குக் காட்டினேங்க, இது முன்னாடியே இருந்த கறைதான்ங்கறா. கூடவே, அவளோட கம்பளிப் பாவாடையையும் எடுத்துக் கொடுத்துட்டாங்க. அதுல தொட்டி மேல பெருக்கல் போட்டிருக்குதுங்க" என்று எழுதியிருந்தார்.

கடைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். வட்டத்துக்குள் என்ன எழுத்து இருக்கிறது என்று படம் எடுத்து, கடைக்காரரிடம் அந்தப் படத்தையே காட்டவும் சொல்லியிருக்கிறேன்.