ரெப்போ குறைந்தது, உங்கள் வட்டி குறைந்ததா?



பொம்மனஹள்ளியிலும் பேகூர் சாலையிலும் கடன் வாங்கி வீடு கட்டிய நம் குடும்பங்களில் பலரும் மாதா மாதம் இ.எம்.ஐ. போகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். என்ன வட்டியில் போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. 2025 பிப்ரவரியில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி படிப்படியாகக் குறைத்து, டிசம்பரில் 5.25-க்குக் கொண்டுவந்தது. அந்த ஒன்றேகால் சதவீதம் உங்கள் கணக்கில் இறங்கியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடன் என்றால், பெரும்பாலும் அது ரெப்போவோடு இணைந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும் என்பது விதி. அதற்கு முன் வாங்கியது எம்.சி.எல்.ஆர். முறையிலோ இன்னும் பழைய முறையிலோ இருக்கலாம். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு இந்த ரெப்போ விதி பொருந்தாது. அவை தாங்களே வகுத்த அடிப்படை விகிதத்தை வைத்திருப்பதால், அங்கே கேட்காமல் இறங்குவது அரிது.

ரெப்போவோடு இணைந்த கடனிலும் ஒரு பகுதி தானாக அசையாது. ரெப்போவின் மேல் வங்கி கூட்டிக்கொள்ளும் ‘ஸ்ப்ரெட்’தான் அது. உதாரணமாக, நீங்கள் கடன் வாங்கிய நாளில் 4 சதவீதம் கூட்டியிருப்பார்கள். இன்று புதிதாக வருபவருக்கு 3 சதவீதம் போதும் என்பார்கள். உங்களுக்கு 9.25, அவருக்கு 8.25. நீங்கள் கேட்க வேண்டியது இந்த ஒரு சதவீதத்தைத்தான். முன்பு ஸ்ப்ரெட்டின் பெரும்பகுதியை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் வங்கி மாற்றலாம் என்றிருந்தது. வாடிக்கையாளரைத் தக்கவைக்க அதற்கு முன்பே குறைக்கலாம் என்று 2025 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்துவிட்டது. ‘விதி இடம் கொடுக்கவில்லை’ என்று கிளையில் சொன்னால், இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வாய்மொழியாகக் கேட்பதைவிடக் கடிதமாகக் கொடுப்பது நல்லது. கடன் எண், இப்போதைய வட்டி, அதே வங்கி இன்று அதே அளவு கடனுக்குப் புதியவரிடம் வாங்கும் வட்டி ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். ஒரு தவணைகூட பவுன்ஸ் ஆகவில்லை என்பதற்குக் கணக்கு அறிக்கையை இணையுங்கள். கடன் வாங்கியபோது 720 ஆக இருந்த சிபில் ஸ்கோர் இன்று 790 என்றால், அந்த அறிக்கையையும் வையுங்கள். ஸ்ப்ரெட்டில் ஒரு பகுதி உங்கள் மேல் வங்கிக்கு உள்ள பயத்தின் விலை. அந்தப் பயம் குறைந்ததற்கு இதுவே சான்று. வேறொரு வங்கி எழுத்தில் தந்த வட்டி விவரம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

40 லட்சம் பாக்கி, 15 ஆண்டு மீதி என்று வைத்துக்கொள்வோம். 9.25 சதவீதத்தில் தவணை சுமார் 41,168 ரூபாய், 8.25-க்கு இறங்கினால் சுமார் 38,806. மாதம் 2,362 ரூபாய் மிச்சம், கடன் முடியும்போது நாலேகால் லட்சம். அந்த மிச்சத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் பழைய தவணையையே கட்டினால் கடன் 19 மாதம் முன்னதாக முடிகிறது. மிச்சம் ஏறத்தாழ 7.8 லட்சம். மாற்றுவதற்குக் கட்டணமாக அரை சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் கேட்டால் 23,600 ரூபாய் ஆகும். பத்து மாதத்தில் அது திரும்பிவிடும் என்பதால் கொடுக்கலாம். கடன் முடிய ஒன்றிரண்டு ஆண்டுதான் இருக்கிறது என்றால் இந்த அலைச்சல் வேண்டாம்.

வட்டியைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. மறுத்தால் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் புதிய வங்கியின் செயலாக்கக் கட்டணம், சட்ட ஆய்வு, அடமானப் பதிவுச் செலவு எல்லாம் உண்டு. நம் பகுதியில் இன்னொரு முட்டுக்கட்டை பி-கத்தா. இங்கே பல மனைகளுக்கு ஏ-கத்தா இல்லை. பல வங்கிகள் பி-கத்தா வீட்டைத் தொடுவதில்லை. அது இப்போது கடன் தந்திருப்பவருக்கும் தெரியும். அந்த நிலையில் ‘வேறு வங்கிக்குப் போய்விடுவேன்’ என்று சொல்லிப் பயனில்லை. தவறாமல் கட்டிய கணக்கையும் ஸ்கோரையும் முன்வைத்தே கேளுங்கள்.

சம்மதம் வந்ததும் புதிய ஸ்ப்ரெட் எவ்வளவு, குறைந்தது தவணையா காலமா, எந்தத் தேதி முதல் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில் அந்த எண்களைச் சரிபார்த்த பிறகே கோப்பை மூடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்