குரூப்புக்கு முன் நாலு பேர்

வயிற்றில் பிள்ளை என்ற செய்தியை எடுத்த எடுப்பிலேயே ஸ்டாஃப் குரூப்பில் போட்டுவிடுகிறோம். பிள்ளைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் டீச்சரும் அங்கேதான் இருக்கிறார். எல்லோரும் 'மாஷா அல்லாஹ்' போடும்போது அவரும் போட்டே ஆக வேண்டும்.

முதலில் நெருங்கிய நாலு பேருக்குத் தனித்தனியாக எழுதுவோம்:

“ராத்தா, சந்தோஷமான செய்தி ஒன்டு. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு நாலு மாசம். இன்ஷா அல்லாஹ் ஜூலையில பிள்ளை கிடைக்கும். அதிபருக்குச் சொல்லிட்டன். மத்த ஆக்களுக்கு நானே சொல்றன். துஆ செய்ங்க.”

மாதம் தெரிந்தால், 84 வேலை நாள் பிரசவ லீவில் நம் வகுப்பை யார் பார்ப்பது என்று இப்போதே யோசிப்பார்கள். 'நானே சொல்றன்' என்று எழுதாவிட்டால் இன்டர்வலுக்குள் செய்தி பரவிவிடும்.

காத்திருக்கும் அந்த டீச்சருக்கும் இரவில் தனியாக எழுதுவோம், “பதில் போடத் தேவையில்ல” என்ற வரியோடு. அழுவதென்றால் வீட்டிலேயே அழுதுவிட்டு, காலையில் சிரித்த முகத்தோடு வரட்டும்.