26.8க்குப் பரிசு கொடுத்த எங்கள் மடத்தனம்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் "கொழுப்பு காட்டும் தராசு" வாங்கி வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஆறு பேர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தோம். ஆளுக்கு ஆயிரம் ரூபா. ஆறு கிழமையில் யாருடைய உடல் கொழுப்பு வீதம் கூடக் குறைகிறதோ, அவருக்கு முழுக் காசும். நிறையை மட்டும் பார்த்தால் சாப்பிடாமல் கிடந்து ஏமாற்றலாம், கொழுப்பு வீதத்தை ஏமாற்ற முடியாது என்று நாங்களே பெரிய ஞானிகள் மாதிரித் தீர்மானித்தோம். போனோடு இணையும் கண்ணாடித் தராசு ஒன்றும் அறைக்கு வந்தது.

வென்றவர் முதல் நாள் காலை மணி அடிக்கமுன் ஏறினார்: 29.1. கடைசி அளவு இல்ல விளையாட்டுப் போட்டி நாளன்று, பின்னேரம் மைதானத்தால் வந்த கையோடு எடுத்தது: 26.8. கைதட்டினோம், காசைக் கொடுத்தோம். அடுத்த நாள் காலை அவரே வந்து, "சேர், இப்ப ஏறிப் பார்த்தன், 28.6 காட்டுது. ராவைக்குள்ள எனக்கு ரெண்டு கிலோ கொழுப்பு வந்திட்டுதோ?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைப் பச்சையாகச் சொல்கிறோம்: அந்தத் தராசு கொழுப்பை அளப்பதில்லை. அது அளப்பது இரண்டைத்தான். ஒன்று நிறை. மற்றது மின்தடை. கண்ணாடியில் உள்ள உலோகத் தகடுகளில் வெறுங்காலோடு ஏறியதும், எங்களுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன மின்னோட்டம் ஒன்று, ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவாக, ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்குகிறது. தசையில் உப்பு நீர் இருப்பதால் மின் இலகுவாக ஓடும். கொழுப்பில் நீர் குறைவு, அதனால் ஓடாது. சாதாரண தரத்தில் படிப்பிக்கும் கம்பிக் கணக்குத்தான்: கம்பி நீளமானால் தடை கூடும், தடித்தால் குறையும். 1969ல் ஹோஃபர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் அது உடலில் உள்ள மொத்த நீரோடு நன்றாக ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். தராசின் அடிப்படை அதுதான்.

தடையிலிருந்து நீரை ஊகிக்கிறது. கொழுப்பில்லாத உடலில் ஏறத்தாழ 73 வீதம் நீர் என்ற எண்ணத்தை வைத்து, நீரிலிருந்து கொழுப்பில்லாத நிறையை ஊகிக்கிறது. மொத்த நிறையில் அதைக் கழித்து, மிச்சத்தைக் "கொழுப்பு" என்கிறது. கழித்தலில் வரும் மிச்சம்தான் உங்கள் 29.1. நடுவில் எங்கே பிழைத்தாலும் முழுப் பிழையும் அந்த மிச்சத்தின் தலையில்தான் விழும்.

நம்பாவிட்டால் இன்றே செய்து பாருங்கள். ஏறி ஒரு அளவு எடுங்கள். பிறகு அப்பில் உங்கள் உயரத்தை ஐந்து சென்ரிமீற்றர் கூட்டிப் போட்டுவிட்டுத் திரும்ப ஏறுங்கள். உடம்பு அதேதான், கொழுப்பு வீதம் மாறிவிடும். உயரம், வயது, ஆண் பெண் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததை வைத்தும்தான் அது விடை எழுதுகிறது.

அந்த ஊகம் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பொருந்தும்? 2004ல் லான்செற் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் 22.3. ஊடுகதிர் முறையில் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தென்னாசிய உடம்பில் அதே நிறைக்குள் கொழுப்புக் கூட ஒளிந்திருக்கும். வேறு மக்களை அளந்து செய்த சமன்பாடு எங்களைப் பார்த்து "நீ பரவாயில்லை" என்று சொல்ல இடமிருக்கிறது. இன்னொன்று, காலால் ஏறிக் காலால் இறங்கும் மின் வயிற்றுப் பக்கம் பெரிதாகப் போவதே இல்லை. கால் நீளம், மெல்லிசு. அதனால் தடையின் பெரும்பங்கு கால்களில்தான். எங்கள் ஆட்களுக்கு ஆபத்து இருப்பதோ தொப்பையில். தராசு காலைப் பார்த்து வயிற்றை ஊகிக்கிறது. நல்ல முறைகளோடு ஒப்பிட்டால் தனி ஒருவரில் ஐந்து புள்ளி கூடியோ குறைந்தோ காட்டுவது அதிசயமில்லை. அதைத் தசம தானத்தோடு காட்டுவதுதான் எங்களுக்குக் கோபம்.

இப்போது எங்கள் வெற்றியாளரின் கேள்விக்கு வருவோம். இரவு படுத்து எழும்பும்போது உடல் நீர் எங்கும் பரவியிருக்கும். பகல் முழுக்க நின்றால் அது காலுக்கு இறங்கும். நாள் முழுக்கக் கரும்பலகை முன் நிற்கும் எங்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை, பின்னேரம் செருப்பு வார் இறுக்கும். காலில் நீர் கூடினால் கால் "தடித்த கம்பி" ஆகிறது, தடை குறைகிறது, தராசு அதைத் தசை என்று எழுதுகிறது. வெயிலில் ஓடிவிட்டு வந்தால் தோல் சூடேறி அங்கே இரத்த ஓட்டம் கூடும், அதுவும் தடையைக் குறைக்கும். 26.8 என்பது மைதானத்தின் உழைப்பு, ஆறு கிழமையின் உழைப்பு அல்ல.

தண்ணீர் குடித்தால் மறுபக்கம் பிழைக்கும். 72 கிலோ ஆள், கொழுப்பு 28.0 வீதம் என்று காட்டினால் கொழுப்பில்லாத நிறை 51.8 கிலோ. அரை லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறினால் நிறை 72.5. தண்ணீர் இன்னும் வயிற்றில்தான், காலுக்கு வரவில்லை, தடை அப்படியே. ஆகவே 51.8ம் அப்படியே, கூடிய அரைக் கிலோ முழுக்கக் கொழுப்புக் கணக்கில்: ஏறத்தாழ 28.5 வீதம். பச்சைத் தண்ணீரில் கொழுப்பு!

இதெல்லாம் சிரிக்கிற பிழை. சிரிக்க முடியாத பிழை ஒன்றும் இருக்கிறது. வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் எவ்வளவு வீடுகளைத் தொட்டிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். சிறுநீரகமோ இதயமோ பழுதாகிக் கால் வீங்கினால், இந்தத் தராசு அந்த வீக்க நீரையும் நல்ல சதை என்றே எழுதும். கொழுப்புக் குறைந்துவிட்டது, தசை கூடிவிட்டது என்று அப் பச்சை நிறத்தில் பாராட்டும். நிறை கூடி, கொழுப்பு வீதம் திடீரென்று இறங்கி, கணுக்காலை விரலால் அமத்தினால் குழி நின்றால், அது பாராட்டல்ல. நேரே கிளினிக்குக்குப் போங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் இந்த அளவைப் பார்க்கத் தேவையில்லை.

"அப்போ தூக்கி எறியச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. அப்படிச் சொல்லும் ஆட்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்தது ஞாபகம் இருக்கும்: ஒரு பரீட்சை சரியான விடயத்தைச் சோதிக்கிறதா என்பது ஒரு கேள்வி, திரும்பத் திரும்ப வைத்தால் ஒரே மாதிரிப் புள்ளி வருகிறதா என்பது இன்னொரு கேள்வி. இந்தத் தராசு முதற் கேள்வியில் தோற்றுவிட்டது. ஆனால் நிலைமைகளை நாங்கள் கட்டிப் பிடித்தால் இரண்டாவதில் ஓரளவு சித்தியடையும். எப்போதும் நாலு புள்ளி பிழையாகக் காட்டும் தராசும், அந்தப் பிழை மாறாத வரை, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்லும்.

கட்டிப் பிடிப்பது இப்படி. காலையில் எழும்பி, சிறுநீர் கழித்து, ஒன்றும் குடிக்க முன். அதே அளவு உடுப்பு. துடைத்த வெறுங்கால். சமமான சீமெந்து அல்லது ஓட்டுத் தரை, பாயின் மேல் வேண்டாம். அப்பில் உயரம், வயதை ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டுப் பிறகு தொடக் கூடாது. தினமும் எழுதுங்கள், தினமும் தீர்ப்பு எழுதாதீர்கள். ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுத்த சராசரி மட்டும்தான் பேசட்டும்.

போட்டிக்குப் பிறகு எங்களில் ஒருவர் அப்படி எழுதியது இது. முதற் கிழமை: 28.4, 29.3, 27.9, 28.8, 28.1, 29.0, 28.5. சராசரி 28.6. ஐந்தாம் கிழமை: 28.0, 28.6, 27.3, 27.9, 28.3, 27.2, 27.7. சராசரி 27.9. இப்போது முதற் கிழமையின் மூன்றாம் நாளையும் ஐந்தாம் கிழமையின் இரண்டாம் நாளையும் மட்டும் பார்த்தால் 27.9 இலிருந்து 28.6. கொழுப்புக் கூடிவிட்டது என்று மனுசன் சோர்ந்திருப்பார். ஒரு கிழமைக்குள்ளேயே ஆடும் ஆட்டம் 1.4 புள்ளி, உண்மையாக நகர்ந்ததோ 0.7. சராசரி இல்லாவிட்டால் நகர்வு ஆட்டத்துக்குள் அமுங்கிப் போயிருக்கும். கூடவே அவருடைய சராசரி நிறை 72.0 இலிருந்து 70.8, தையல் நாடாவில் இடுப்பு 96 இலிருந்து 94 சென்ரிமீற்றர். மூன்றும் ஒரே பக்கம் போகிறது. அதனால் "குறைகிறது" என்று துணிந்து சொல்லலாம். "சரியாக 0.7 வீதம் குறைந்தது" என்று சொல்ல முடியாது.

இந்தப் போக்கும் பொய் சொல்லும் காலங்கள் உண்டு. நோன்பு மாதத்தில் நீர் குடிக்கும் நேரமே மாறுகிறது, ஸஹர் செய்துவிட்டு ஏறும் அளவும் வெறுவயிற்று அளவும் ஒன்றல்ல. ஷஃபானின் அளவை ரமழானோடு ஒப்பிடாதீர்கள். பெருநாள் கழிந்து ஒரு கிழமை விட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பெண்களுக்கு மாதச் சுழற்சியோடு உடல் நீர் ஏறி இறங்கும், ஆகவே போன மாதத்தின் அதே நாட்களோடுதான் ஒப்பிட வேண்டும். சோற்றைத் திடீரென்று குறைத்த முதற் கிழமையில் போகும் ஒன்று இரண்டு கிலோவில் பெரும்பகுதி, தசையில் சேமித்த மாச்சத்தும் அதோடு கட்டுண்ட நீரும். அந்தக் கிழமையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

கடைசியாக, அந்த ஆறாயிரம். வென்றவர் திருப்பித் தர வந்தார், நாங்கள் வாங்கவில்லை. பிழை அவரில் இல்லை, எங்கள் அளவுகோலில். அடுத்த தவணைப் போட்டியில் தராசுக்கு வாக்குரிமை கிடையாது, இடுப்பு நாடாவுக்குத்தான். தென்னாசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதுதான் எச்சரிக்கைக் கோடு. வயிற்றை வயிற்றிலேயே அளக்கிறது, இருநூறு ரூபாவும் போகாது. இதே மாதிரி ஜிம்மிலோ ஒஃபிஸிலோ கொழுப்பு வீதத்துக்குப் பரிசு வைத்திருப்பவர்கள், கொடுக்க முன் ஒருக்கால் கேளுங்கள்: முதல் அளவு எத்தனை மணிக்கு, கடைசி அளவு எத்தனை மணிக்கு?