கணக்கு துவங்கும் முன் பிறந்த தேதி பாருங்கள்

சகோதரிகளே, கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் தளங்களின் லிங்க், இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்காமலே வந்து விழுகிறது. என் நாத்தனார் மகளும் அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமி, பூட்டுப் படம் இருக்கே, பத்திரம்தானே?" என்றாள். அந்தப் பூட்டு, நாம் டைப் செய்வது வழியில் களவு போகாது என்பதற்கு மட்டும்தான். மோசடிக்காரனும் அதை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

"2016 முதல் சேவையில்" என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். சரி, பார்த்துவிடுவோமே என்று lookup.icann.org என்ற பக்கத்தைத் திறந்து, அந்தத் தளத்தின் முகவரியை இட்டோம். அங்கே Created என்ற இடத்தில் தேதி இருக்கும். அந்த முகவரி பதிவாகி ஆறே வாரம்! பழைய முகவரியை விலைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. ஆகவே பழசு என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. ஆனால் சொன்ன வயதும் பதிவான வயதும் ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அவள் விடவில்லை. "அமெரிக்க அரசு சர்டிபிகேட் போட்டிருக்காங்களே!" என்றாள். எம்.எஸ்.பி. பதிவு என்று ஒன்று. அது நிறுவனமே படிவம் நிரப்பிச் செய்துகொள்ளும் பதிவுதான். அரசு சோதித்துப் பார்த்துத் தந்த நற்சான்று அல்ல. நம் நாட்டில் உள்ளவர்களுக்குச் சேவை தரும் எக்ஸ்சேஞ்ச், 2023 மார்ச்சிலிருந்து மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும். அதைப் பற்றி இந்தத் தளத்தில் ஒரு வரிகூட இல்லை. நிபந்தனைகள் பக்கத்தில் கம்பெனியின் முழுப்பெயரைத் தேடினோம். அதுவும் இல்லை! இருந்திருந்தால் mca.gov.in தளத்தில் கம்பெனி எப்போது துவங்கியது, விலாசம் என்ன என்று பார்த்திருக்கலாம். (அடுத்தவர் கம்பெனியின் பெயரை இரவல் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. விலாசமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.)

பதிவு இருந்தாலும் பணத்துக்கு உத்தரவாதமில்லை. பதிவு பெற்ற வசீர்எக்ஸிலேயே 2024 ஜூலையில் பெரிய திருட்டு நடந்து, கிரிப்டோவை வெளியே எடுக்க முடியாமல் ஓராண்டுக்கு மேல் முடங்கியது.

கடைசியாக, பணம் திரும்ப எடுப்பது பற்றிய பக்கத்தைப் படித்தோம். எடுப்பதற்கு முன் லாபத்தில் 30 சதவீத வரியைத் தங்கள் கணக்கில் கட்ட வேண்டுமாம்! குட்டு உடைந்தது இங்கேதான். நம் சட்டப்படி விற்கும்போது 1 சதவீதத்தை எக்ஸ்சேஞ்ச் விற்ற தொகையிலேயே பிடித்துக்கொள்ளும். லாபத்துக்கான 30 சதவீதத்தை நாம் வருமான வரித் துறைக்குத்தான் கட்டுகிறோம்.

"போன வாரம் என் தோழி ஆயிரம் ரூபாய் திருப்பி எடுத்தாளே?" என்றாள். சின்னத் தொகை திரும்பி வரத்தான் செய்யும். அது தூண்டில் புழு. அந்தத் தோழி மேற்கொண்டு எவ்வளவு போட்டாள் என்று கேட்டேன், நாற்பதாயிரமாம். அதை எடுக்க முடியவில்லையாம். உடனே 1930-க்குப் போன் போடச் சொன்னோம்.