வெடித்த செல்லுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் சூட்டாதீர்கள்

செல்களின் மீது ஒரு மூலிகைச் சாற்றையோ புதிய வேதிப்பொருளையோ இட்டு, 24 மணி நேரம் காத்திருந்து, அனெக்சினும் புரோப்பிடியம் அயோடைடும் ஏற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டி, இரண்டு சாயங்களும் பிடித்த வலது மேல் கட்டத்திற்குப் ‘பிந்தைய அப்போப்டோசிஸ்’ என்று பெயரெழுதுவது நம் ஆய்வகங்களில் ஒரு சடங்காகிவிட்டது. நானும் என் முதலாம் ஆண்டு அறிக்கையில் அவ்வாறே எழுதினேன், ஒருவரும் தடுக்கவில்லை. அந்தக் கட்டம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சவ்வு கிழிந்துவிட்டது. எவ்வாறு கிழிந்தது என்பதை அது சொல்வதேயில்லை.

1972-இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டது சவ்வு கிழியாத மரணத்திற்கு. செல் சுருங்குகிறது, சவ்வால் மூடப்பட்ட சிறு உருண்டைகளாகப் பிரிகிறது, அருகிலிருக்கும் மேக்ரோஃபேஜ் அவற்றை விழுங்கிவிடுகிறது. உள்ளிருப்பது சிந்துவதில்லை, ஆகவே பொதுவாக அழற்சியும் எழுவதில்லை. சவ்வின் உட்புறம் இருக்கும் பாஸ்ஃபாட்டிடைல்செரின் வெளிப்புறம் திரும்பும்போது அதை அனெக்சின் பற்றிக்கொள்கிறது. சாயத்தின் தர்க்கம் அவ்வளவே.

இப்போது மேக்ரோஃபேஜ்களை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடைக் கொடுத்துச் சில மணி நேரம் ஆயத்தப்படுத்திவிட்டு, நைஜெரிசின் சேர்க்கிறோம். செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் கூடுகிறது. காஸ்பேஸ்-1 விழித்து, காஸ்டெர்மின்-டி புரதத்தை இரண்டாக வெட்டுகிறது. அதன் முன்பாதித் துண்டுகள் சவ்வில் வளையமாய்க் கூடி, ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலமுள்ள துளைகளை அமைக்கின்றன. அழற்சியை மூட்டும் இன்டர்லூகின்-1 பீட்டா அதன் வழியே வெளியேறுகிறது. பிறகு நின்ஜூரின்-1 என்னும் மற்றொரு புரதம் சவ்வையே பிளந்துவிடுகிறது. லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் போன்ற பெரிய புரதங்கள் கொட்டுகின்றன. சவ்வு தானாகவே உப்பி வெடிக்கிறது என்றுதான் நெடுநாள் நம்பினோம். 2021-இல் அந்நம்பிக்கை தகர்ந்தது. இதுவே பைரோப்டோசிஸ்.

இந்தச் செல்லையும் அதே கருவியில் ஓட்டிப் பாருங்கள். கிழிசல் வழியே உள்ளே நுழையும் அனெக்சின், உட்புறத்திலேயே இருக்கும் பாஸ்ஃபாட்டிடைல்செரினைப் பற்றிக்கொள்ளும். புரோப்பிடியம் அயோடைடும் மரபுப்பொருளை அடையும். அதே வலது மேல் கட்டம், அதே பெயர், முற்றிலும் வேறான மரணம்.

“காஸ்பேஸ் தடுப்பான் சேர்த்துச் சரிபார்த்தோம்” என்பார்கள். ஹெச்டி-29 குடற்புற்றுச் செல்களுக்கு டிஎன்எஃப், ஸ்மாக் போலி, இசட்-வாட் மூன்றையும் கொடுத்தால் என்ன நிகழ்கிறது? தடுப்பான் செல்லைக் காப்பாற்றவில்லை. வேறு வழியில் கொல்கிறது. காஸ்பேஸ்-8 அடங்கியதும் ஆர்ஐபிகே3 கட்டவிழ்ந்து எம்எல்கேஎல் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அது சவ்வை அடைந்து கிழிக்கிறது. இது நெக்ரோப்டோசிஸ். இங்கே சவ்வு கிழிவதற்கு முன்பே பாஸ்ஃபாட்டிடைல்செரின் வெளியே தெரியக்கூடும். ஆகவே, அனெக்சின் மட்டும் பிடித்த கீழ்க்கட்டமும் அப்போப்டோசிஸுக்கு உறுதியான சான்றன்று.

தட்டில் விழுங்குவதற்கு ஆளில்லாததால் அப்போப்டோசிஸ் செல்லும் இறுதியில் கிழியும் என்ற மறுப்பு உண்மையே. ஆனால் அம்மறுப்பு என் வாதத்தைத்தான் வலுப்படுத்துகிறது: மூன்று வழிகளும் ஒரே கட்டத்தில் வந்து சேருமாயின், அக்கட்டத்தைக் கொண்டு வழியைச் சொல்ல இயலாது. வெட்டுண்ட காஸ்பேஸ்-3-ஐக் காட்டினாலும் வழக்கு முடிந்துவிடாது. காஸ்டெர்மின்-இ மிகுந்த செல்லில் அதே காஸ்பேஸ்-3 அந்தப் புரதத்தை வெட்டிச் செல்லை வெடிக்கச் செய்யும்.

இது சொற்சண்டை அன்று. ‘அமைதியாகக் கொல்லும் மருந்து’ என்று நாம் எழுதுவதை நம்பி ஒருவர் அதை எலிக்கு ஊசியேற்றுவார். உண்மையில் அது செல்களை வெடிக்கச் செய்வதாயின், உடலெங்கும் அழற்சி பரவும். அல்லது கட்டிக்கு எதிரான நோயெதிர்ப்பையே அது தூண்டலாம். நன்மையோ தீமையோ, இரண்டையும் நம் பெயர்ப்பலகை மறைத்துவிடுகிறது.

ஆகவே 24 மணி நேரத்தில் ஒற்றைப் புகைப்படம் எடுப்பதை விடுத்து, இரண்டு மணிக்கொருமுறை அளவெடுங்கள். ஊடகத்தில் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் எப்போது கொட்டத் தொடங்குகிறது என்று பாருங்கள். காஸ்பேஸ்-3-உடன் காஸ்டெர்மின் துண்டையும் பாஸ்பேட் ஏறிய எம்எல்கேஎல்லையும் சேர்த்துத் தேடுங்கள். அதற்கு வசதியில்லையெனில் ‘செல் இறப்பு’ என்று மட்டும் எழுதுங்கள். அதில் இழுக்கில்லை, அறியாத வழியை அறிந்ததாக எழுதுவதில்தான் இழுக்கு.