“வச்சு செஞ்சிட்டாங்க” என்றால் என்ன?



நாலந்தாவிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்துக்கு இந்த மாதம் இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதுகிறேன். மாத்தளைக்கு டியூஷன் போய்வரும் பேரன், பத்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை, இரவு போனைப் பார்த்துக்கொண்டே “குரூப்ல என்னை வச்சு செஞ்சிட்டாங்க, அம்மாயி” என்றானாம். அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. பிள்ளைக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்து, கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வாசலில் கட்டியும் விட்டார். அதன் பிறகுதான் சந்தேகம் வந்து எங்களுக்கு எழுதியிருக்கிறார்.

அவருடைய பயத்துக்கு நியாயம் இருக்கிறது. சூனியத்தைப் பற்றிப் பேசும்போது “வைத்தார்கள்” என்கிறோம், “செய்துபோட்டார்கள்” என்கிறோம். பேரன் சொன்ன வசனத்தில் அந்த இரண்டு வினைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வயதில் மூத்த காதுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

ஆனால் அந்த வசனத்துக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. செய்வினைப் பேச்சில் பாதிக்கப்பட்டவருக்கு எப்போதும் ‘கு’ உருபு வரும்: “அவனுக்குச் செய்துபோட்டாங்க”, “எங்க வீட்டுக்குச் சூனியம் வச்சிட்டாங்க.” பேரனோ “எனக்கு” என்று சொல்லவில்லை, “என்னை” என்றான். புதுப் பேச்சு எவ்வளவுதான் புரட்டிப் பேசினாலும் வேற்றுமை உருபை அநேகமாகச் சரியாகவே வைக்கும். அதனால் இப்படி ஒன்றைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது, முழு வசனத்தையும் வாயில் வந்தபடியே எழுதி வைப்பது. “வச்சு செய்” என்று சுருக்கிக் குறித்துக்கொண்டால், நமக்கு மிகவும் தேவையான அந்த ‘ஐ’ தொலைந்துவிடும்.

‘ஐ’ கையில் இருந்தாலும் இன்னொரு தப்பான வழி திறந்தே இருக்கும். “அவனை வைத்துச் செய்தார்கள்” என்றால், அவனைப் பயன்படுத்தி ஏதோ காரியம் செய்தார்கள் என்றும் பொருள்படும். “மேசனை வைத்துச் சுவர் கட்டினோம்” என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. இதைச் சோதிப்பது சுலபம். அந்தப் பொருளாக இருந்தால் “என்ன செய்தார்கள்?” என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டும், சுவர் என்றோ சோறு என்றோ ஒரு பொருள் வர வேண்டும். பிள்ளைகளுடைய பேச்சில் அப்படி ஒன்று வருவதே இல்லை. “என்னை வச்சு செஞ்சிட்டாங்க” என்பதோடு வசனம் நிறைந்துவிடுகிறது. செய்யப்பட்ட பொருளே “என்னை” தான்.

இங்கே நின்றுவிடாமல் இன்னும் இரண்டு மூன்று வசனங்களைக் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளையிடம் “அர்த்தம் என்ன?” என்று கேட்டால் “அது அப்படித்தான்” என்பான். “வேற எப்போ இப்படிச் சொல்லுவ?” என்று கேட்டுப் பாருங்கள், கொட்டுவான். எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகும் இளையவர்களிடம் அப்படிக் கேட்டதில் கிடைத்தவற்றில் ஒன்று: “கணக்கு பேப்பர் வச்சு செஞ்சிருச்சு.” இந்த ஒரு வசனமே போதும். வினாத்தாள் சூனியம் வைக்காது, ஆளை வைத்து வேலையும் வாங்காது. உயிரில்லாத ஒன்றும் இதைச் செய்யலாம் என்றால், தாங்க முடியாத அளவுக்குப் படுத்தி எடுப்பதுதான் இதன் மையப் பொருள்.

அடுத்தது கிரிக்கெட். 2023 செப்டெம்பர் 17 அன்று கொழும்பு பிரேமதாச மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. முகமது சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட், மொத்தம் ஆறு. இந்தியா 6.1 ஓவரில் ஆட்டத்தை முடித்துவிட்டது. இதற்குப் பிள்ளைகள் “சிராஜ் நம்மளை வச்சு செஞ்சிட்டான்” என்கிறார்கள். அதே தொடரில் மூன்று நாள் முன்னதாக, பாகிஸ்தானைக் கடைசிப் பந்தில் இரண்டு விக்கெட்டால் நம்மவர்கள் வென்றார்களே, அதற்கும் இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அதுவும் வெற்றிதான், ஆனால் எதிராளி கடைசிவரை எதிர்த்து நின்றான். ஆக, வெறும் தோல்வி இதற்குப் போதாது. திருப்பி அடிக்க வழியில்லாமல் ஒரு பக்கமாகவே வாங்கியிருக்க வேண்டும். ஒரு சொல் எங்கே பொருந்தாது என்று கேட்பதுதான் அதன் எல்லையைக் காட்டுகிறது.

ஆளை ‘ஐ’ போட்டுச் ‘செய்’வது சினிமா வழியாகவும் நம் வீடுகளுக்குள் வந்தது. 2015இல் வெளியான பாலாஜி மோகனின் ‘மாரி’ படத்தில் சென்னை ரவுடியாக வரும் தனுஷ் எடுத்ததற்கெல்லாம் “செஞ்சிருவேன்” என்பார். அது நேரான மிரட்டல்: உன்னைத் தீர்த்துவிடுவேன். அதற்கு முன்னால் “வச்சு” சேரும்போது சாயல் மாறுகிறது. “நிக்க வச்சு அடிச்சான்”, “உக்கார வச்சுக் கேள்வி கேட்டான்” என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். அந்த “வச்சு” ஆளை நகர விடாமல் பிடித்து வைப்பது. அதே பிடிதான் இங்கேயும் இருக்கிறது என்பது என் கணிப்பு. அவசரமில்லாமல், தப்பிக்க விடாமல், நிறுத்தி நிதானமாக ஒருவரைப் படுத்தி எடுப்பது.

இனி நாலந்தா அம்மாவின் வசனத்துக்கு வருவோம். வாட்ஸ்அப் குரூப்பில் அடி உதை கிடையாது. அங்கே “வச்சு செய்வது” என்றால் எல்லோரும் சேர்ந்து ஒருவனைப் பிடித்துக் கேலி செய்வது. இவன் ஏதோ எழுதியிருப்பான், மற்றவர்கள் மீம் போட்டு, பழைய படத்தைத் தேடியெடுத்து, விடாமல் ஓட்டியிருப்பார்கள். செய்வினை இல்லை, அம்மா. எலுமிச்சம்பழம் இருந்தால் இருக்கட்டும்.

அர்த்தம் தெரிந்த பிறகும் ஒன்றைக் கவனிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பேச்சு, வாங்கியவன் சிரித்துக்கொண்டே தன்னைப் பற்றிச் சொல்வதாகவும் இருக்கலாம். வலியை மறைக்கச் சொல்வதாகவும் இருக்கலாம். சொல்லை வைத்து இதைப் பிரிக்க முடியாது. கேலிக்குக் கேலி திருப்பிப் போடுகிறானா, அடுத்த நாள் அதே குரூப்பில் பேசுகிறானா, அதே கூட்டாளிமாரோடு டியூஷனுக்குப் போகிறானா என்று பாருங்கள். இதெல்லாம் நடந்தால் அது விளையாட்டு. ஒவ்வொரு முறையும் அவனே மாட்டுகிறான், போன் சத்தம் கேட்டாலே முகம் வாடுகிறது என்றால் “யார் செஞ்சாங்க, எதுக்கு?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் சொன்ன சொல்லையே எடுத்துக் கேட்டால் பிள்ளை வாய் திறப்பான்.

நீங்களும் இதைப் பேசலாமா என்றால், வீட்டுக்குள் பேரனோடு பேசலாம். டியூஷன் சேரிடம் வேண்டாம். பிள்ளைகளே ஆசிரியர் முன்னால் இதை விழுங்கிக்கொள்கிறார்கள். சிலர் வாயில் இதற்குக் கொச்சையான நிழலும் விழும்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் புரியாத பேச்சு காதில் விழுந்தால் எழுதி அனுப்புங்கள். முழு வசனம், யார் யாரிடம் சொன்னார், சொன்ன பிறகு கேட்டவர் சிரித்தாரா முறைத்தாரா என்ற இந்த மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். “உருட்டாத” என்ற பேச்சைக் கேட்டு தம்புள்ளையிலிருந்து ஒரு கடிதம் ஏற்கெனவே வந்திருக்கிறது. அதில் வசனம் ஒன்றுதான் இருக்கிறது. இன்னும் இரண்டு கிடைத்தால் அடுத்த இதழில் அதை எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்