௲௮௱௫௰ எந்த ஆண்டு? பழைய பத்திரத்தின் தேதியை மாற்றி எழுதும் முன்...

பரண்மேல் இருந்த தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கிரயப் பத்திரம் எடுக்கப்படுகிறது. கையெழுத்து ஓரளவு புரிகிறது, ஊர்ப் பெயர் தெரிகிறது, எல்லைகளும் தெரிகின்றன. தேதி இருக்கும் வரியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே 1, 8, 5, 0 என்று எதுவும் இல்லை. ௲௮௱௫௰ என்று ஐந்து குறிகள் இருக்கின்றன. "இது என்னங்க, எண்ணா எழுத்தா?" என்பதுதான் முதல் கேள்வி.

எண்தான். ஆனால் இன்று நாம் எழுதும் முறையில் எழுதப்பட்ட எண் அல்ல. இன்றைய முறையில் இடம்தான் மதிப்பைச் சொல்லும். காலியான இடத்தில் பூஜ்யம் நிற்கும். பழைய தமிழ் முறையில் பூஜ்யம் கிடையாது. ஒன்று முதல் ஒன்பது வரை ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்று ஒன்பது குறிகள். அதற்கு மேல் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனியாக மூன்று குறிகள். இந்த மூன்றும் பிடிபட்டால் எந்தத் தேதியையும் படித்துவிடலாம்.

வாயால் சொல்வதைத்தான் கை எழுதுகிறது

இந்த முறையைப் புரிந்துகொள்ளக் கணக்குப் புத்தகம் வேண்டாம், எண்ணை வாய்விட்டுச் சொன்னாலே போதும். "ஆயிரத்து எண்ணூத்தி அம்பது" என்கிறோம். முதலில் ஆயிரம்: ௲. அடுத்து எட்டு நூறு: ௮௱. பிறகு ஐந்து பத்து: ௫௰. மூன்றையும் சேர்த்தால் ௲௮௱௫௰. 'ஒரு ஆயிரத்து' என்று சொல்வதில்லை. அதனால் ௲-க்கு முன்னால் ௧ போடும் பழக்கமும் பொதுவாக இல்லை.

விதி இரண்டே வரி. ௰, ௱, ௲ ஆகியவற்றுக்கு முன்னால் சிறிய எண் நின்றால் பெருக்க வேண்டும். பின்னால் நின்றால் கூட்ட வேண்டும். ௨௰ என்றால் இருபது, ௰௨ என்றால் பன்னிரண்டு. இரண்டிலும் அதே இரு குறிகள்தான், இடம் மட்டும் மாறுகிறது. பெரிய தொகைகளுக்கும் இதே விதிதான். ௰௲ என்றால் பத்தாயிரம், ௲௰ என்றால் ஆயிரத்துப் பத்து.

பேச்சு நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 'தொண்ணூறு' என்ற சொல்லில் நூறு கேட்கிறது, ஆனால் அதன் மதிப்பு ஒன்பது பத்து, எழுதுவது ௯௰. 'தொள்ளாயிரம்' என்ற சொல்லில் ஆயிரம் கேட்கிறது, ஆனால் அது ஒன்பது நூறு, எழுதுவது ௯௱. ஆகவே 1890 என்பது ௲௮௱௯௰, 1908 என்பது ௲௯௱௮. ஒன்பது வரும் ஆண்டுகளை மட்டும் காதை நம்பாமல் கண்ணால் படிக்க வேண்டும்.

ஒரு குறி போனால் நாற்பத்தைந்து வருஷம்

தவறு எங்கே நடக்கிறது என்பதை அதே தேதியை வைத்துப் பார்க்கலாம். கடைசியில் நிற்கும் ௰ மடிப்பில் தேய்ந்தோ பூச்சி அரித்தோ போயிருந்தால், மிஞ்சுவது ௲௮௱௫. அதைப் படிப்பவர் 1805 என்று எழுதிக்கொள்வார். அவர் படித்தது தவறில்லை, ௲௮௱௫ என்றால் 1805தான். ஆனால் பத்திரம் 1850-ஐச் சேர்ந்தது. பூஜ்யம் இருக்கும் முறையில் கடைசி இலக்கம் அழிந்தால் 185 என்று மூன்று இலக்கம் மட்டும் நிற்கும்; ஏதோ குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். இங்கே அப்படித் தெரியாது. ஒரு குறி போனாலும் மிச்சம் இருப்பது முழுமையான ஓர் ஆண்டு போலவே நிற்கும். பழைய தேதிகளின் ஆபத்து இதுதான்.

இரண்டாவது தவறு, வரிசை மாறுவது. ௲௮௱௰௫ என்றால் 1815. ௲௮௱௫௰ என்றால் 1850. அவசரத்தில் படிக்கும்போதோ படி எடுக்கும்போதோ கடைசி இரண்டு குறிகள் இடம் மாறினால் முப்பத்தைந்து வருஷம் நகர்ந்துவிடும்.

மூன்றாவது, எண்ணை எழுத்தாக எடுத்துக்கொள்வது. ௧ 'க' போல, ௨ 'உ' போல, ௫ 'ரு' போல, ௭ 'எ' போல, ௮ 'அ' போல, ௰ 'ய' போலத் தெரியும். தேதி வரியில் 'அ' என்று படித்தால் பொருளே வராத இடத்தில் நிற்பது ௮ ஆக இருக்கலாம். பக்கத்தில் ௵ (வருஷம்), ௴ (மாதம்), ௳ (நாள்) ஆகிய சுருக்கக் குறிகள் இருந்தால், அவற்றை ஒட்டி வருவது பெரும்பாலும் எண்தான்.

முப்பத்தைந்து வருஷம் என்பது ஒரு தலைமுறை. ஒரே நிலத்துக்கு அப்பா எழுதிய பத்திரமும் மகன் எழுதிய பத்திரமும் இருந்தால், எது முந்தியது என்பதை வைத்துத்தான் பாத்தியதை வரிசை போடப்படுகிறது. ஒன்றின் தேதி தப்பினால், மகன் பிறக்கும் முன்பே நிலத்தை விற்றதாக ஆகிவிடும். அப்போது பத்திரமே போலியோ என்ற சந்தேகம்தான் முதலில் எழும். தேதியை வாசித்ததில் தவறு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

தேதி வரியிலேயே சாட்சி இருக்கிறது

அந்தக் காலத்துப் பத்திரங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு ஆண்டோடு நிற்பதில்லை. தலைப்பு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "௲௮௱௫௰ ௵க்குச் சரியான சாதாரண ௵ ஐப்பசி ௴ ௰௨ ௳". அதாவது 1850-க்குச் சரியான சாதாரண வருஷம், ஐப்பசி மாதம், 12-ஆம் தேதி. இந்த 'சாதாரண' என்ற சொல் சும்மா வந்ததல்ல. பிரபவ முதல் அட்சய வரை உள்ள அறுபது தமிழ் வருஷங்களில் அது 44-வது.

கணக்குப் போடுவது சுலபம். பிரபவ வருஷம் 1747, 1807, 1867 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. 1807-ஐ ஒன்றாக வைத்து எண்ணினால் 44-வது வருஷம் 1850-இல் வருகிறது. சாதாரண பொருந்துகிறது. கடைசி ௰ அழிந்து 1805 என்று படித்திருந்தால், அந்த ஆண்டு ஐப்பசியில் நடந்தது குரோதன வருஷம். குறிகள் இடம் மாறி 1815 என்று படித்திருந்தால், அது யுவ வருஷம். பத்திரத்திலோ சாதாரண என்று இருக்கிறது. ஆக, மூன்று வாசிப்புகளில் ஒன்றுதான் நிற்கும்.

தென்கோடி மாவட்டங்களின் ஆவணங்களில் கொல்லம் ஆண்டும் வரும். 1850 ஐப்பசி என்றால் கொல்லம் 1026. அது ௲௨௰௬ என்று எழுதப்படும். நூறு இல்லாததால் ௱ குறியே இல்லாமல் ஆயிரத்தை அடுத்து நேராக இருபது வருகிறது. "நடுவில் ஒன்று விட்டுப்போச்சு" என்று நினைத்து யாரும் ௱ சேர்த்துவிடக் கூடாது. வருவாய்க் கணக்குகளில் பசலி இருக்கும். அதே ஐப்பசிக்குப் பசலி 1260, அதாவது ௲௨௱௬௰. இந்த மாதத்துக்கு கொல்லத்தோடு 824-ஐயும் பசலியோடு 590-ஐயும் கூட்டினால் இரண்டும் 1850-இல் வந்து சேரும்.

இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்; 1910-உம் சாதாரணதான். எனவே பெயரை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்க முடியாது, குறிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இன்னொன்று, தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனிப் பத்திரங்களில் ஆங்கில ஆண்டு ஒன்று கூடியிருக்கும். சாதாரண வருஷம் மாசி என்றால் 1851. அதைப் பிழை என்று திருத்தக் கூடாது.

குறியை அழித்துவிட்டு எண்ணை எழுதாதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு முறைகளும் அருகருகே புழங்கின. அதே 1850-ஐ ஒருவர் ௲௮௱௫௰ என்றும், இன்னொருவர் இடமதிப்பு முறையில் ௧௮௫௦ என்றும் எழுதியிருப்பார். இரண்டாவதைக் குறிக்குக் குறி மாற்றினால் சரியாக வரும். முதலாவதை அப்படி மாற்றினால் 1000 8 100 5 10 என்று பொருளற்ற வரிசைதான் கிடைக்கும். எனவே மாற்றுவதற்கு முன் எது எந்த முறை என்று பார்க்க வேண்டும். ௰, ௱, ௲ மூன்றில் ஒன்று இருந்தாலே அது பழைய முறை.

இதனால்தான் படி எடுப்பவர்கள் ஒரு வழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. பழைய குறிகளைத் தாங்களே வாசித்து, படியில் 1805 என்று இன்றைய எண்ணை மட்டும் போட்டு முடிப்பது படி எடுத்தல் அல்ல. அது ஒரு தீர்ப்பு. அடுத்து வருபவர் அந்தத் தீர்ப்பைச் சரிபார்க்க வழியே இல்லாமல் போகிறது, ஏனென்றால் அவர் கையில் மூலம் இருக்காது, படிதான் இருக்கும்.

செய்ய வேண்டியது மூன்று வரி வேலை. முதல் வரியில் கண்ட குறிகள் கண்டபடியே: ௲௮௱௫ என்று மட்டும் தெரிந்தால் அவ்வளவுதான் எழுத வேண்டும், அடுத்து அழிந்த இடம் இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். இரண்டாவது வரியில் அதன் வாசிப்பு. மூன்றாவது வரியில் வருஷப் பெயர், கொல்லம், பசலி எது இருக்கிறதோ அதோடு ஒத்துப்பார்த்த விவரம். இப்படி எழுதினால், தெரிந்தது எது, ஊகித்தது எது என்று அடுத்தவர் பிரித்துப் பார்க்கலாம்.

கணினியில் தட்டச்சு செய்பவர்கள் ௰-க்குப் பதிலாக 'ய' போட்டு ஒப்பேற்றுவதையும் நிறுத்தலாம். யூனிகோடில் இந்த மூன்றுக்கும் U+0BF0, U+0BF1, U+0BF2 என்று சொந்த இடம் இருக்கிறது. பார்வைக்கு 'ய' ஒன்றுபோல இருந்தாலும், தேடும்போது கணினிக்கு அது எழுத்துதான், பத்து அல்ல. எண்ணாக எழுதியதை எண்ணாகவே வைத்திருந்தால்தான் அந்தத் தேதி பின்னால் தேடினாலும் கிடைக்கும்.